பதினைந்து முதல் இருபத்தெட்டு நாள் வரை

ஒன்பது வருடம் ஒரு வங்கியில் கூட்டங்களுக்கு மினிட்ஸ் எழுதியவன் நான். மினிட்ஸை யாரும் படிப்பதில்லை என்பது என் திடமான நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் அவ்வளவு அழகாக எழுதினேன். ஒரே ஒரு முறை ஒருவர் உட்கார்ந்து வரிக்கு வரி படித்தார். அப்போது நான் எழுதியிருந்தது, என் பக்கத்து மேசைக்காரரின் உத்தியோக வாழ்க்கையை நாசம் செய்யப் போதுமானதாக இருந்தது.

எங்களுடையது சின்ன வங்கி. தலைமை அலுவலகம் திருவண்ணாமலையில், கோயிலிலிருந்து பத்து நிமிட நடையில், ஒரு பாத்திரக்கடைக்கு மேலே. கிளைகள் மாவட்டத்துக்குள்ளேயே அங்கொன்றும் இங்கொன்றுமாக. நகைக்கடன், பயிர்க்கடன், வீட்டுக்கடன், கடைக்காரர்களுக்கு ஓவர் டிராப்ட். ஆனால் வங்கி சின்னதாக இருந்தாலும் பெரிய வங்கிக்கு உள்ள சடங்குகள் எல்லாம் உண்டு. அதில் ஒன்று சொத்து பொறுப்பு நிர்வாகக் குழு. ஆபீஸ் பேச்சில் அதற்கு ஆல்கோ என்று பெயர். மாதம் ஒரு முறை கூடும்.

வெளியாருக்கு இது புரிய வேண்டுமானால் ஒரு தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்றிலிருந்து பதினான்கு நாளுக்குள் வங்கிக்குள் வரப்போகும் பணம் எவ்வளவு, வெளியே போகப்போகும் பணம் எவ்வளவு; அடுத்து பதினைந்தாம் நாளிலிருந்து இருபத்தெட்டாம் நாள் வரை எவ்வளவு; அப்புறம் மூன்று மாதம் வரை; இப்படியே ஐந்து வருடத்துக்கு மேல் வரை கட்டம் கட்டமாகப் பிரித்துப் போட்ட தாள் அது. கட்டத்துக்கு பக்கெட் என்று பெயர். ஒரு பக்கெட்டில் வருவதைவிடப் போவது ஜாஸ்தியாக இருந்தால் அங்கே பள்ளம். பள்ளம் இருப்பது தப்பில்லை. ஆனால் முதல் இரண்டு பக்கெட்டிலும், போகவேண்டிய பணத்தில் இருபது சதவீதத்துக்கு மேல் பள்ளம் விழக்கூடாது. அதுதான் வரம்பு. தாண்டினால் ஏன் தாண்டியது, எப்படி அடைக்கப் போகிறோம் என்று குழு முடிவெடுத்து எழுதி வைக்க வேண்டும்.

அந்தத் தாளைத் தயாரிப்பவர் என் பக்கத்து மேசை அலுவலர். என்னைவிட நாலு வருடம் சின்னவர். போளூர் பக்கத்து ஊர், இங்கே வாடகை வீட்டில் குடித்தனம். கணக்கில் கெட்டிக்காரர், பேச்சில் கம்மி. நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை சார் என்பார். நடுவில் ஒரு ஸ்டேப்ளரைப் பொதுவாக வைத்துக்கொண்டு ஆறு வருடம் ஓட்டினோம். அந்த வருடம் மேலாளர் பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் முதலில் இருந்தது. இரண்டு முறை சீனியாரிட்டியில் தள்ளிப்போய் மூன்றாவது முறையாக வந்த வாய்ப்பு. நேர்காணல் இன்னும் நாலு மாதத்தில் என்றார்கள்.

கூட்டத்தில் நாலு பேர்தான் உறுப்பினர்கள். எம்.டி. தலைமை. பொது மேலாளர், கடன் பிரிவுத் தலைவர், கணக்குப் பிரிவுத் தலைவர். தாள் போடும் மேடமும் மினிட்ஸ் எழுதும் நானும் அழைப்பாளர்கள். கேட்டால் பேசலாம், ஓட்டு கிடையாது. மேசையில் எங்களுக்கு டீ உண்டு, பிஸ்கட் தட்டு எட்டாது.

என் வேலை முறையை இங்கே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் மினிட்ஸைக் கூட்டத்துக்கு முதல் நாளே எழுதிவிடுவேன். போன மாதத்துக் கோப்பைத் திறந்து, தேதியை மாற்றி, எண்களை மாற்றி, ‘குழு விரிவாக விவாதித்தது’ என்பதை அப்படியே விட்டுவிடுவேன். அவர்கள் விவாதிப்பதற்கு முன்பே விரிவாக விவாதித்து முடித்தவன் நான். கூட்டத்தில் புதிதாக ஏதாவது பேசினால் ஒரு கோடு போட்ட நோட்டில் கிறுக்கிக்கொண்டு வந்து சேர்ப்பேன். பெரும்பாலும் ஒன்றும் சேர்க்க வேண்டியிருக்காது. இதை எல்லோரும் திறமை என்றார்கள். நானும் நம்பினேன்.

அந்த மாதம் சேர்க்க வேண்டியது வந்தது.

பொறியியல் கல்லூரி, நர்சிங் கல்லூரி என்று நடத்தும் ஒரு அறக்கட்டளை எங்களிடம் பெரிய வைப்புத்தொகை வைத்திருந்தது. ஒரே ரசீது. வருடா வருடம் முதிரும், வருடா வருடம் புதுப்பிப்பார்கள். அந்த வருடம் அது கூட்டம் நடந்த நாளிலிருந்து மூன்று வாரத்தில் முதிர்ந்தது. மேடம் அந்தத் தொகை முழுவதையும் பதினைந்து முதல் இருபத்தெட்டு நாள் பக்கெட்டில் வெளியே போகும் பணமாகப் போட்டிருந்தார். போட்டதால் பள்ளம் முப்பத்தொரு சதவீதம். சிவப்பு எழுத்தில் அடித்திருந்தார்.

பொது மேலாளருக்கு அந்த சிவப்பு பிடிக்கவில்லை.

“இன்னாம்மா இது? ஏழு வருஷமா ரினியூ பண்றாங்க. இந்த வருஷம் மட்டும் தூக்கிக்கிட்டுப் போயிடுவாங்களா?”

“போன வாரம் அவங்க அக்கவுண்டன்ட் மெயின் பிராஞ்சுக்கு வந்திருக்கார் சார். மெச்சூரிட்டி அன்னிக்கே வேற பேங்குக்கு அனுப்பணும்னா எத்தனை மணிக்குள்ள லெட்டர் குடுக்கணும்னு கேட்டாராம். அரை பர்சன்ட் ஜாஸ்தி தர்றேன்னு யாரோ சொல்லியிருக்காங்க போல.”

“கேக்கறவன் எல்லாம் போயிடுவானா? நம்ம டெபாசிட் எண்பது பர்சன்ட் ரினியூ ஆகுதுன்னு போன வருஷம் நீதானே கணக்கு எடுத்துக் குடுத்த? அதே எண்பதை இதுக்கும் போடு.”

மேடம் தன் தாளைப் பார்த்தபடி சொன்னார். “அது ஆயிரக்கணக்கான சின்ன டெபாசிட்டுக்கு எடுத்தது சார். நூறு பேர்ல எண்பது பேர் ரினியூ பண்ணுவாங்கன்னு சொல்லலாம். ஒரே ஆள் எண்பது பர்சன்ட் ரினியூ பண்ண மாட்டார். இருந்தா முழுசா இருக்கும், போனா முழுசா போயிடும்.”

எனக்கு அந்த வாக்கியம் பிடித்திருந்தது. நோட்டில் அப்படியே எழுதினேன். அவர் என் இடதுபக்கம் உட்கார்ந்திருந்தார். நான் எழுதுவதை அவர் பார்த்தார்.

பிறகு வட்டிப் பேச்சு வந்தது. ரிசர்வ் வங்கி அடுத்தடுத்து வட்டியைக் குறைக்கத்தான் போகிறது என்பது எம்.டி.யின் கருத்து. இப்போது அரை சதவீதம் கூட்டிக்கொடுத்து ஒரு வருடத்துக்கு அந்தப் பணத்தைப் பிடித்து வைத்தால், நாளைக்குக் கடன் வட்டி இறங்கும்போது நமக்கு மிஞ்சுவது ஒன்றும் இருக்காது என்றார். அதில் தப்பு சொல்ல முடியாது. கடன் பிரிவுத் தலைவரும் தலையாட்டினார். பெரிய வைப்புத்தொகைக்கான வட்டியை ஏற்றுவதில்லை என்று முடிவானது.

மேடம் விடவில்லை. “ஏத்த வேணாம் சார். ஆனா போயிடுச்சுன்னா சமாளிக்க, வெளிய பெரிய பேங்க்ல நாம போட்டு வெச்சிருக்கற டெபாசிட் மேல ஒரு ஓவர் டிராப்ட் லிமிட் இப்பவே வாங்கி வெச்சுக்கலாம். எடுத்தாதான் வட்டி. வாங்கறதுக்கு ரெண்டு மூணு வாரம் ஆகும்.”

எம்.டி. கடிகாரத்தைப் பார்த்தார். “பாக்கலாம்மா. முதல்ல இந்த ஷீட்டை சரி பண்ணிக் குடுங்க.”

எண்பது சதவீதம் புதுப்பிக்கப்படும் என்று போட்டதும் பள்ளம் பதினாறுக்கு வந்துவிட்டது. சிவப்பு போய்க் கறுப்பானது. திருத்திய தாளை அங்கேயே அச்செடுத்து வந்தார்கள். தயாரித்தவர் என்ற இடத்தில் மேடம் கையெழுத்துப் போட்டார். போடாமல் என்ன செய்வார்? போடச் சொன்னவர்கள் நாலு பேரும் அவருக்கு மேலே இருந்தவர்கள்.

அன்று மாலையே மினிட்ஸ் வரைவை அடித்தேன். எல்லாவற்றையும் சேர்த்தேன் என்பதைச் சொல்லிக்கொள்ள வேண்டும். அலுவலர் புதுப்பிப்பு அனுமானம் ஒற்றை வைப்பாளருக்குப் பொருந்தாது என்று கருத்துத் தெரிவித்தார், ஓவர் டிராப்ட் வரம்பு பெறலாம் என்று யோசனை கூறினார் என்று இரண்டு வரி. மறுநாள் காலை பொது மேலாளர் கூப்பிட்டார். வரைவில் அந்த இரண்டு வரியைச் சுற்றி பென்சிலில் வட்டம்.

“இன்னாய்யா, மினிட்ஸ் எழுதினியா, கோர்ட்ல சாட்சி சொல்றியா? அவங்க மெம்பரா? மெம்பர் ஆட்சேபம் சொன்னாதானே எழுதணும்? எடுத்துடு.”

“சரிங்க சார்” என்றேன். எனக்கு அது கொஞ்சம்கூடக் கஷ்டமாக இல்லை. விதிப்படி அவர் சொல்வது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். அழைப்பாளர் சொன்னதை எழுதக்கூடாது என்று எந்த விதியும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்ததை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால் பொது மேலாளர் அறையிலிருந்து வெளியே வர நேரமாகும்.

இத்தோடு நின்றிருந்தால் பழியை அவர் தலையில் வைத்துவிட்டு நான் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். நான் நிற்கவில்லை. இரண்டு வரியை எடுத்ததும் அந்தப் பத்தி மொட்டையாகத் தெரிந்தது. எழுத்தில் எனக்கு இருந்த கர்வம் சும்மா விடுமா? நானே யோசித்து ஒரு வாக்கியம் போட்டேன்: ‘அலுவலர் தயாரித்துச் சமர்ப்பித்த அறிக்கையின்படியும், அவர் எடுத்துக்கொண்ட புதுப்பிப்பு விகிதத்தின்படியும், பதினைந்து முதல் இருபத்தெட்டு நாள் வரையிலான இடைவெளி வரம்புக்குள் இருப்பதைக் குழு திருப்தியுடன் குறித்துக்கொண்டது.’

‘அவர் எடுத்துக்கொண்ட’ என்பதை யாரும் என்னைப் போடச் சொல்லவில்லை. ‘திருப்தியுடன்’ என்பதையும் சொல்லவில்லை. வாக்கியம் ஓட்டமாக வந்தது, அதனால் போட்டேன். பொது மேலாளர் படித்துவிட்டு, “இப்பதான்யா மினிட்ஸ் மாதிரி இருக்கு” என்றார். நான் சந்தோஷப்பட்டேன். இதை எழுதும்போது கூசுகிறது, ஆனாலும் சந்தோஷப்பட்டேன் என்பதுதான் உண்மை.

அறக்கட்டளை புதுப்பிக்கவில்லை. முதிர்ந்த நாளன்று காலை பத்தே காலுக்கு அவர்களுடைய அக்கவுண்டன்ட் கடிதத்தோடு வந்து நின்றார். முழுத் தொகையும் பிற்பகலுக்குள் வேறு வங்கிக்குப் போனது. எண்பது சதவீதம் நம்மிடம் தங்கவில்லை, எட்டு ரூபாய்கூடத் தங்கவில்லை.

ஓவர் டிராப்ட் வரம்பு கையில் இல்லை. வெளியே போட்டிருந்த வைப்புகளை முதிர்வுக்கு முன்பே உடைத்தார்கள், அபராத வட்டி கழித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். அதுவும் போதவில்லை. பத்து நாளைக்குப் புதிய நகைக்கடன் கொடுக்க வேண்டாம் என்று எல்லாக் கிளைகளுக்கும் வாய்மொழியாகச் சொன்னார்கள். அது வேர்க்கடலை விதைப்பு சமயம். கீழ்பென்னாத்தூர் கிளை மேலாளர் என்னிடம் போனில் கத்தினார். “காதுல கழுத்துல கழட்டி வெச்சுக்கிட்டு வாசல்ல நிக்கறாங்க சார். சர்வர் ரிப்பேர்னு எத்தனை நாள் சொல்றது? எதிர்ல இருக்கற அடகுக் கடைக்குப் போறாங்க, நான் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன்.” நான், மேலே சொல்கிறேன் என்றேன். மேலே எல்லாம் தெரிந்துதான் இருந்தது.

அடுத்த மாதக் கூட்டம். எந்தக் கூட்டத்திலும் முதல் பொருள் போன கூட்டத்து மினிட்ஸை உறுதி செய்வது. நான் வாசிக்க வேண்டும், தலைவர் திருத்தம் ஏதும் உண்டா என்று கேட்க வேண்டும், யாரும் ஒன்றும் சொல்லாமல் இருக்க வேண்டும், பிறகு அவர் கையெழுத்திடுவார். கையெழுத்து விழுந்துவிட்டால் அன்று நடந்தது அதுதான். அறையில் இருந்தவர்கள் ஆறு பேரும் வேறு விதமாக ஞாபகம் வைத்திருந்தாலும் சரி.

நான் வாசித்தேன். ‘அவர் எடுத்துக்கொண்ட’ வந்தபோது குரலைக் கொஞ்சம் இறக்கி வேகமாகத் தாண்டினேன். மேடம் அன்றுதான் அந்த வாக்கியத்தை முதல் முறை கேட்கிறார். அழைப்பாளர்களுக்கு நாங்கள் பிரதி அனுப்புவதில்லை.

“கரெக்ஷன் ஏதாவது இருக்கா?” என்றார் எம்.டி.

மேடம் வாயைத் திறந்தார். பொது மேலாளர், “மெம்பர்ஸ் யாருக்காவது?” என்று சேர்த்தார். மேடம் வாயை மூடிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. எழுதியவன் நான், எழுத்துப் பிழை போல ஏதோ நேர்ந்திருக்கும், நானே இப்போது திருத்திவிடுவேன் என்ற மாதிரிதான் பார்த்தார். ‘ஒரு சின்ன திருத்தம் சார்’ என்று நான் சொல்லியிருந்தால் போதும். உலகம் ஒன்றும் இடிந்து விழுந்திருக்காது. பொது மேலாளர் ஒரு வாரம் முறைத்திருப்பார்.

நான் பக்கத்தைத் திருப்பி, “பொருள் இரண்டு” என்றேன்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து ரிசர்வ் வங்கியிலிருந்து ஆய்வுக்கு ஒரு அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர், கையில் எப்போதும் ஒரு அளவுகோல். மினிட்ஸ் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, அந்த அளவுகோலை ஒவ்வொரு வரிக்குக் கீழும் வைத்து நகர்த்தி நகர்த்திப் படித்தார். நான் எதிரில் நின்றேன். அந்தப் பத்தியில் அளவுகோல் நின்றது.

“ஒரே டெபாசிட்டருக்கு எண்பது பர்சன்ட் ரினியூவல் யார் எடுத்தது?” என்று கேட்டார். பிறகு அவரே படித்துக்கொண்டார். “ஓ, ஆபீசர்.”

எழுதிக்கொண்டார். புத்தகத்தை மூடும்போது என்னிடம், “மினிட்ஸ் ரொம்ப க்ளீனா வெச்சிருக்கீங்க. பல இடத்துல தலையும் புரியாது வாலும் புரியாது” என்று பாராட்டினார். நான் நன்றி சொன்னேன்.

ஆய்வறிக்கை வந்த வாரத்தில் மேடத்துக்கு மெமோ. பொருந்தாத அனுமானத்தைப் பயன்படுத்திக் குழுவைத் தவறாக வழிநடத்தியது ஏன் என்று விளக்கம் கேட்டு. மெமோவில் மேற்கோளாக இருந்தது என் வாக்கியம். திருப்தியுடன் உட்பட.

அவர் மெமோவை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். இரண்டே அடி தூரம்தான், அதற்கும் எழுந்து வந்தார்.

“சார், நான் சொன்னதை உங்க நோட்ல எழுதினீங்க இல்ல? அந்தப் பக்கத்தை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கட்டுமா? என்கிட்ட முதல்ல போட்ட ஷீட் இருக்கு, ஆனா அதுல கையெழுத்து இல்ல. இப்ப பிரிண்ட் எடுத்ததுதானேன்னு சொல்லுவாங்க.”

நோட்டு என் மேசையின் முதல் இழுப்பறையில் இருந்தது. அவர் கை ஊன்றியிருந்த இடத்துக்கு நேர் கீழே.

“அந்த நோட் முடிஞ்சு போச்சு மேடம்” என்றேன். “பழசை எல்லாம் நான் வெச்சுக்கறதில்ல. கிழிச்சுப் போட்டுட்டேன்.”

“சரிங்க சார்” என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். சற்று நேரம் கழித்து ஸ்டேப்ளரை எடுத்து ஏதோ காகிதங்களை அடித்து, வழக்கம்போல என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று என்னையே நூறு முறை கேட்டிருக்கிறேன். மிரட்டியது யார்? ஒருவரும் இல்லை. வரைவை மாற்றியது வெளியே வந்தால் எனக்கும் ஒரு மெமோ வரும், அவ்வளவுதான். என் பெண் அப்போது பிளஸ் டூ, வேங்கிக்காலில் வீடு கட்டிக்கொண்டிருந்தேன், பூச்சு வேலை பாதியில் நின்றது. இதையெல்லாம் காரணமாக என்னிடமே சொல்லிப் பார்த்திருக்கிறேன். மேடத்துக்கும் பிள்ளைகள் உண்டு, வாடகை உண்டு. நான் பயந்தாங்கொள்ளி. அதற்குமேல் அதில் தோண்டி எடுக்க ஒன்றும் இல்லை.

அவருக்கு ஒரு வருட ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து பெயர் போனது. ‘குழுவைத் தவறாக வழிநடத்தியவர்’ என்ற சொற்கள் பணிப்பதிவேட்டில் ஏறின. கீழ்பென்னாத்தூர் கிளைக்கு மாற்றினார்கள். கவுன்ட்டர் வேலை. நகைக்கடன் கொடுக்க முடியாமல் அந்தப் பத்து நாள் திண்டாடிய அதே கிளை. அங்கே சிலர், பணத்தை முடக்கியது இந்த அம்மாதான் என்று காதுபடப் பேசினார்கள் என்று கேள்விப்பட்டேன். பக்கத்து மேசைக்கு வேறொருவர் வந்தார். அந்த மேசையைப் பார்க்காமல் இருக்க நான் என் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அவரே போன் செய்தார்.

“நல்லா இருக்கீங்களா சார்? பாப்பா நல்லா படிக்குதா?” என்று விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். “டைரக்டர் போர்டுக்கு அப்பீல் பண்றேன் சார். வர்ற வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். அன்னிக்கு மீட்டிங்ல நான் இப்படிச் சொன்னேன்னு நீங்க ரெண்டு வரி எழுதிக் குடுத்தா, அதை சேத்து வெச்சு அனுப்பிடுவேன். மினிட்ஸ்ல ஏன் இல்லன்னு நீங்க எழுத வேணாம். நான் சொன்னது உண்மைன்னு மட்டும் போதும்.”

தப்பித்துக்கொள்ளும் வழியையும் எனக்காக அவரே யோசித்து வைத்திருந்தார்.

“கண்டிப்பா மேடம். நானே கொண்டுவந்து குடுக்கறேன்” என்றேன். சொல்லும்போது மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

புதன்கிழமை மாலை வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். இரண்டு வரி கேட்டார், ஒரு பக்கம் எழுதினேன். ஒரே ஆள் எண்பது சதவீதம் புதுப்பிக்க மாட்டார் என்று அவர் சொன்னதை, ஓவர் டிராப்ட் வரம்பு கேட்டதை, எம்.டி. பார்க்கலாம் என்றதை, வரைவில் இருந்ததை, எடுக்கச் சொன்னதை, நானாகச் சேர்த்ததை. என் வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே நேர்மையான மினிட்ஸ் அதுதான். நோட்டுப் பக்கத்தின் ஜெராக்ஸையும் இணைத்துக் கையெழுத்துப் போட்டேன். உறையில் போட்டுப் பையில் வைத்தேன்.

வியாழக்கிழமை பை என் தோளில் இருந்தது. கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் அரை மணி, முக்கால் மணி. மாலையில் போகலாம் என்று நினைத்தேன். மாலையில், நாளைக்குத்தானே கடைசி நாள் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை தலைவலி என்று லீவு சொல்லிவிட்டு வீட்டில் படுத்திருந்தேன். தலை வலிக்கவில்லை. பகல் முழுக்க மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, மணி இரண்டாகிவிட்டது, மூன்றாகிவிட்டது என்று எண்ணினேன். ஐந்து மணிக்கு மேல் மனசு லேசானது. அந்த லேசுதான் எனக்கு இன்றுவரை பொறுக்க முடியாதது. மனைவி காபி கொண்டுவந்தாள், தலைவலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். போய்விட்டது என்றேன்.

திங்கட்கிழமை பஸ் ஏறிப் போனேன்.

கவுன்ட்டரில் மேடம் ஒரு பெரியவரின் சலானைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, உள்ளே வந்து உட்காரச் சொல்லி, டீ சொல்லி அனுப்பினார். உறையைக் கொடுத்தேன். நின்றபடியே முழுவதையும் படித்தார். நானாகச் சேர்த்த வாக்கியம் பற்றிய இடத்தில் கொஞ்சம் நின்றார், மேலே படித்தார். ஜெராக்ஸ் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். கிழித்துப் போட்டதாக நான் சொன்ன பக்கம். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“எல்லாத்தையும் எழுதியிருக்கீங்க சார்” என்றார். “நான் வெள்ளிக்கிழமை நாலரை வரைக்கும் பாத்துட்டு, இது இல்லாமலே அனுப்பிட்டேன். பரவாயில்ல, என்கிட்ட இருக்கட்டும்.”

தாளை மடித்து மறுபடி உறையில் போட்டார். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவர் காத்திருந்தார். என் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும்.

“வெள்ளிக்கிழமை பௌர்ணமி இல்ல? கிரிவலக் கூட்டம் வேற” என்றார். “ரோடெல்லாம் அடைச்சிருப்பாங்க. பஸ் கிடைச்சிருக்காது, அதான் உங்களால வரமுடியல. இல்லங்களா சார்?”

பௌர்ணமியன்று எங்கள் ஊரிலிருந்து ஓடும் அளவுக்குத் தமிழ்நாட்டில் வேறெங்கிருந்தும் பஸ் ஓடாது. திசைக்கொரு தற்காலிக பஸ் நிலையம் போட்டு நிமிஷத்துக்கு ஒன்று விடுவார்கள். அது எனக்குத் தெரியும். அங்கே ஆறு வருடம் குடியிருந்த அவருக்கும் தெரியும்.

“ஆமாங்க மேடம்” என்றேன். “ஒரு பஸ்ஸும் கிடைக்கல.”